பன்னிரண்டு இருக்கையா, பதினேழா?



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் இயற்பியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி ஓட்டத் தெரியாது. ஆயினும் சுற்றுலா வேன் ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர். மதுரையில் இரண்டு வாடகைக் கார்களை வைத்துக்கொண்டு இராமேசுவரம், கொடைக்கானல், கன்னியாகுமரி என்று பயணிகளை அழைத்துச் சென்று வந்தவர் அவர். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "சார், கார் இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரு வேன் வாங்கப் போகிறேன். பன்னிரண்டு இருக்கை வைப்பதா, பதினேழு வைப்பதா என்பதுதான் புரியவில்லை. வீட்டுக்காரியின் நகைகள் அடகில் இருக்கின்றன. தவறு செய்ய இடமில்லை" என்றார்.

இருக்கை மிகுந்தால் வருமானமும் மிகும் என்பது முதற்பார்வைக்குத் தோன்றும் விடை. அந்த விடை சரிதானா என்று இருவரும் நான்கு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து ஆராய்ந்தோம். அதன் சுருக்கத்தையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநரை நீக்கி ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை வாடகைக்கு ஏற்றிச் செல்லும்படி அமைந்த வண்டியை மேக்ஸி கேப் என்று வகைப்படுத்துகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் வண்டி அந்த வகையிலிருந்து வெளியேறிவிடுகிறது. சாலை வரி, அனுமதிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை ஆகியவை இருக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுபவை. ஆகவே கூடுதலாக வைக்கும் ஒவ்வோர் இருக்கையும், அதில் ஆள் அமர்ந்தாலும் அமராவிட்டாலும், ஆண்டு முழுவதும் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். "பன்னிரண்டு என்று பதிந்துவிட்டு, பிறகு நடைபாதையில் இரண்டு மடக்கு இருக்கை போட்டுக்கொள்ளலாம்" என்று சிலர் அவருக்கு யோசனை சொன்னார்களாம். பதிவுப் புத்தகத்தில் இல்லாத இருக்கையில் ஒருவரை அமர்த்திச் சென்று விபத்து நேருமானால், இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அந்த யோசனையை அன்றே தள்ளிவிட்டோம்.

அடுத்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கச் சென்றோம். டிராவலர் என்று நம் ஊரில் எல்லாரும் அழைக்கும் அந்த வகை வேன்களில் நீளம் குறைந்தவையும் உண்டு, கூடியவையும் உண்டு. என் மாணவர் தேர்ந்திருந்தது நீண்ட உடலமைப்பு உள்ளது. ஓட்டுநருக்குப் பின்னால் பயணிகளுக்கெனக் கிடைத்த நீளம், நாங்கள் அளந்தபோது, 160 அங்குலம் இருந்தது. இந்த 160 அங்குலத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதுதான் முழுக் கேள்வியும்.

பதினேழு இருக்கை என்றால், ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக நான்கு வரிசை, கடைசியில் நால்வர் அமரும் ஒரு வரிசை, ஓட்டுநர் பக்கத்தில் ஓர் இருக்கை. ஆக உள்ளே ஐந்து வரிசைகள். வரிசைக்கு 30 அங்குலம் வைத்தால் 150 அங்குலம் போய்விடும். மீதி 10 அங்குலத்தில் பெட்டி வைக்க முடியாது. பன்னிரண்டு இருக்கை என்றால் நான்கு வரிசைகளே. வரிசைக்கு 33 அங்குலம் கொடுத்தாலும் 132 அங்குலத்தில் முடிந்துவிடும். பின்னால் 28 அங்குலம் பெட்டிகளுக்கென்று மிஞ்சும்.

மூன்று அங்குலம் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். இருக்கையின் கனத்தையும் உட்காரும் பலகையின் ஆழத்தையும் கழித்த பிறகு முழங்காலுக்கு மிஞ்சுவது சில அங்குலங்களே. அந்தச் சிலவற்றில் மூன்று என்பது பெரும் பங்கு. அதோடு, முன்னால் இருப்பவர் சாய்வு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும்போது, 30 அங்குல வரிசையில் அது பின்னால் இருப்பவரின் முழங்காலில் வந்து முட்டும். சாய்வு இருக்கை என்று விளம்பரம் செய்துவிட்டு, சாய்க்க இயலாதபடி வைத்திருக்கும் வண்டிகள் பல உண்டு.

பெட்டிகளின் கணக்கும் சிறியதன்று. ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ என்று வைத்தால், பதினேழு பேரின் மூட்டைகள் 204 கிலோ. உள்ளே இடம் இல்லாததால் அத்தனையும் கூரைமேல் ஏறும். வண்டியின் எடை உயரச் செல்லச் செல்ல, வளைவில் அது வெளிப்புறம் சாயும் நாட்டம் மிகும். கொடைக்கானல் மலைப்பாதையில் வத்தலக்குண்டைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டுவதற்கு இந்தச் சாய்வாட்டமும் ஒரு காரணம். கூரையில் ஏற்றவும், தார்ப்பாய் கட்டவும், இறக்கவும் ஒவ்வொரு விடுதியிலும் ஆகும் நேரம் வேறு.

இனி, கடைசி வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலாமரத்தின் நடுவே நிற்பவன் சிறிதே அசைவான்; நுனியில் இருக்கும் சால் பல அடி மேலும் கீழும் போகும். வேனின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அந்த நுனியைப் போன்றது. இரண்டு அச்சுகளுக்கு இடையே அமர்ந்திருப்பவர் வேகத்தடையில் உணரும் குலுக்கம் ஒரு மடங்கு என்றால், பின்னச்சுக்கு அப்பால் இருப்பவர் உணர்வது அதனினும் மிகுதி. இவ்வகை வேன்களின் பின்புறத்தில் பொதுவாக இருப்பது பட்டை வில். அது முழுப் பாரத்தையும் தாங்கும்படி அமைந்தது. பாரம் குறைவாக இருக்கும்போது போதிய அளவு வளைந்து கொடுக்காது. ஆகவே பாதி நிறைந்த பெரிய வண்டி, நிறைந்த வண்டியைவிட அதிகமாகத் தூக்கிப் போடும்.

என் மாணவர் முன்பு ஒருமுறை வாடகைக்கு எடுத்துச் சென்ற வேனில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அறுபத்தெட்டு வயது அம்மையார், இராமேசுவரம் போய்ச் சேர்ந்ததும் முதுகு வலியால் இறங்க முடியாமல் துணைக்கு ஆள் தேடினார். கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராட வந்தவர் விடுதியிலேயே படுத்துவிட்டார். அந்தக் குடும்பம் பிறகு இவரைக் கூப்பிடவே இல்லை. பன்னிரண்டு இருக்கை அமைப்பில் பின்னச்சுக்கு அப்பால் உள்ள இடம் பெட்டிகளுக்குப் போய்விடுகிறது. பெட்டிகளுக்கு முதுகு வலிக்காது.

வசதியின் பக்கம் இவ்வாறு பன்னிரண்டே சிறந்தது என்று ஆயிற்று. ஆனால் வசதி தவணை கட்டாது. ஆகவே வருமானத்தின் பக்கம் திரும்பினோம். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தொலைபேசியில் யார் கேட்டாலும் தேதி, ஊர், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். வண்டி இல்லை என்று திருப்பி அனுப்பியவர்களும் அதில் இருந்தார்கள். அந்த நோட்டில் முந்தைய ஓராண்டின் இருநூறு விசாரிப்புகளை எடுத்துப் பிரித்தேன். ஆறு பேருக்கு உட்பட்டவை 38. ஏழு முதல் பன்னிரண்டு வரை 104. பதின்மூன்று முதல் பதினேழு வரை 36. அதற்கு மேல் 22.

பதினேழு இருக்கை வண்டி இரண்டாவது, மூன்றாவது பிரிவுகள் இரண்டையும் ஏற்கும். அதாவது 140 விசாரிப்புகள். பன்னிரண்டு இருக்கை வண்டி 104 மட்டுமே ஏற்கும். இங்கும் பெரிய வண்டியே வெல்வது போல் தோன்றியது. ஆனால் பத்துப் பேர் கொண்ட குடும்பம், பதினேழு இருக்கை வண்டிக்கு உரிய வாடகையைத் தருமா? தராது. "எங்களுக்கு எதற்கு அவ்வளவு இடம்? சின்ன வண்டியின் வாடகைக்கே அனுப்புங்கள்" என்றுதான் கேட்கும். வண்டி சும்மா நிற்பதைவிட மேல் என்று இவரும் அனுப்புவார். எனவே 140-இல் 36 தடவை மட்டுமே, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே, முழு வாடகை கிடைக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். எண்கள் அவர் வண்டிக்கு உரியவை. மற்றவர்கள் தங்கள் எண்களை இட்டுக்கொள்ளவேண்டும். மாதம் பிறந்தால் ஓடினாலும் நின்றாலும் கொடுக்கவேண்டியவை: கடன் தவணை 25,500 ரூபாய், ஓட்டுநர் சம்பளம் 15,000, காப்பீடு 5,000, வரியும் அனுமதியும் 4,000, நிறுத்துமிடமும் கழுவுதலும் 2,500. ஆக 52,000. பதினேழு இருக்கைக்கு வரி முதலியவற்றில் 2,000 கூட்டி 54,000 என்று கொண்டோம். ஓட்டுநர் அவரேதான். ஆயினும் அவர் சம்பளத்தைச் செலவில் எழுதியே தீரவேண்டும் என்றேன். தன் உழைப்பை இலவசமாக எண்ணிக்கொண்டு இலாபம் காண்பவர்கள் உண்மையில் தம் கூலியையே இலாபம் என்று அழைக்கிறார்கள்.

ஓடினால் மட்டும் ஆகும் செலவு கிலோமீட்டருக்கு 13 ரூபாய். இதில் டீசல் 9 ரூபாய் 20 காசு, டயருக்கு 1 ரூபாய், எண்ணெய் மாற்றுதல் முதலிய சர்வீசுக்கு 1 ரூபாய் 50 காசு, எதிர்பாராத பழுதுக்கென ஒதுக்குவது 1 ரூபாய் 30 காசு. சுங்கமும் ஓட்டுநர் பேட்டாவும் பயணிகள் தனியே கொடுப்பவை. வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்ற வழக்கம் இருப்பதால், சராசரியாக நாளொன்றுக்கு 260 கிலோமீட்டருக்குப் பணம் கிடைக்கும். வண்டி ஓடுவது 240. தரகு, எல்லாப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து.

பதினேழு இருக்கைக்குக் கிலோமீட்டர் வாடகை 26 ரூபாய். 260-ஆல் பெருக்க 6,760. ஓட்டச் செலவு 3,120, தரகு 338 போக நாளொன்றுக்கு 3,302 மிஞ்சும். 54,000-ஐ ஈடுகட்ட மாதம் 17 நாள் ஓடவேண்டும். பன்னிரண்டு இருக்கைக்கு ஊர் வாடகை 23 ரூபாய். அதே முறையில் நாளொன்றுக்கு மிஞ்சுவது 2,561. 52,000-ஐ ஈடுகட்ட 21 நாள் ஓடவேண்டும். பதினேழே சிறந்தது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் பெரிய வண்டிக்கு முழு வாடகை நான்கில் ஒரு நாள்தானே? மற்ற மூன்று நாளும் 23 ரூபாய்க்கே போகவேண்டும். அப்படிச் சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு மிஞ்சுவது 2,746 ஆகக் குறைகிறது; ஓடவேண்டிய நாள் 20 ஆகிறது. மறுபக்கம், பன்னிரண்டு இருக்கை வண்டி தாராளமான இடமும், உள்ளே பெட்டி வைக்கும் வசதியும் காட்டி 23-க்குப் பதில் 25 ரூபாய் பெற முடியுமானால், நாளொன்றுக்கு 3,055 மிஞ்சும். ஓடவேண்டிய நாள் 18. ஆகக் கேள்வி இப்போது மாறிவிட்டது. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தரத்தக்க பயணம் ஒன்றை இவரால் அளிக்க முடியுமா என்பதே கேள்வி. பன்னிரண்டு பேருக்கு 260 கிலோமீட்டரில் அது 520 ரூபாய். தலைக்கு 43 ரூபாய் சொச்சம். முடியும் என்று துணிந்தார். பன்னிரண்டு இருக்கையே வைத்தார்.

வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் வற்புறுத்தினேன். மூன்று மாதத் தவணை, அதாவது 76,500 ரூபாய், தொடாத பணமாக வங்கியில் இருக்கவேண்டும் என்றேன். அதற்காக வண்டிக்குள் வைக்கவிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையும் வண்ண விளக்குகளையும் விட்டுவிட்டார்.

பராமரிப்பில் நான் கற்றுக்கொண்ட முக்கியமானவை மூன்று. முதலாவது, நின்றபடியே எஞ்சினை ஓடவிடுதல். கோயிலுக்குள் பயணிகள் போயிருக்கும் ஒரு மணி நேரமும் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டால், அந்த டீசலுக்குக் கிலோமீட்டர் வாடகை இல்லை. செலவோடு நில்லாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப்பின் பதிவான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி சீரான வேகத்தில் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும். நின்றே ஓடும் எஞ்சினில் கரி சேர்ந்துகொண்டே போகும். முகப்பில் விளக்கு எரியும். கவனியாது விட்டால் எஞ்சின் இழுவை குறையும். இவர் பயணிகள் திரும்பும் நேரம் கேட்டுக்கொண்டு, நிழலில் நிறுத்தி, அவர்கள் வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே எஞ்சினை எழுப்புகிறார்.

இரண்டாவது, குளிர்சாதனத்தின் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்த குழாய்களில் நீராகப் படிந்து, மெல்லிய குழாய் வழியே வெளியேறவேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்தால், வளைவுகளில் கூரையிலிருந்து பயணியின் தலையில் நீர் கொட்டும். எந்திரமே பழுதென்று பலர் பதறுவார்கள். நிறுத்தியிருக்கும் வண்டியின் அடியில், குளிர்சாதனம் ஓடும்போது, நீர் சொட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். வெளியே சொட்டவில்லையெனில் உள்ளே தேங்குகிறது என்று பொருள்.

மூன்றாவது, மலையிறக்கம். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் வாக்கு. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். கருகல் வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடவேண்டும், நீர் ஊற்றலாகாது. ஊற்றினால் சூடான இரும்பு வெடிப்பு விடக்கூடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் வண்டி ஓடியது 196 நாள். முதல் 60 நாட்கள் யாரும் 25 ரூபாய் தரவில்லை, 23-க்கே போனார். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை அழைத்தபோதுதான் 25 என்றார், பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 55,000 ரூபாய் துண்டு விழுந்தது. பள்ளிகள் திறந்த ஜூனும், அதையடுத்த ஆடியும் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டன. தொடாத பணம் என்று வைத்திருந்ததில் கை வைத்துத் தவணைகளைத் தவறாது கட்டினார். அது இல்லாதிருந்தால் நகையோடு வண்டியும் போயிருக்கும். பழுதுக்கென ஒதுக்கியது 61,000 ரூபாய் அளவில் சேர்ந்திருந்தது. மே மாதத்தில் குளிர்சாதனத்தின் கம்ப்ரசர் கெட்டபோது, வட்டிக்கு ஓடாமல் அதிலிருந்தே மாற்றினார்.

இரண்டாம் ஆண்டில் 218 நாள், எல்லாம் 25 ரூபாய்க்கு. தம் சம்பளம் போக 42,000 ரூபாய் மிஞ்சியது. பெருந்தொகையன்று. ஆனால் தவணை முடிந்தபின் மாதந்தோறும் 25,500 ரூபாய் அவருடையதாகும்; அதையும் செலவழித்துவிடாமல் அடுத்த வண்டிக்கென்று சேர்க்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியும் அவரோடு சேர்ந்து முதுமை அடைந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முடிவுக்கு ஒரு குறையும் உண்டு. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குச் செல்லும் குழுக்கள் பதினைந்து, இருபது பேராக வருவார்கள். அவர்கள் இவர் வண்டியில் அடங்கமாட்டார்கள். முதல் ஆண்டில் அந்த விசாரிப்புகளைக் கேட்டு அவர் மனம் வருந்தியது உண்மை. பின்னர் பக்கத்துத் தெருவில் இருபது இருக்கை வேன் வைத்திருக்கும் ஒருவரோடு பேசி, பெரிய குழுக்களை அவரிடம் அனுப்பவும், அவரிடம் வரும் சிறிய குடும்பங்களைத் தாம் ஏற்கவும் ஏற்பாடு செய்துகொண்டார். தொழில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெருவழிபாட்டுக் காலத்தையே நம்பி நடக்கும் ஊரில் இருப்பவருக்குப் பதினேழோ இருபதோதான் பொருந்தும். அவர் நோட்டுப் புத்தகம் அவருக்கு அதைச் சொல்லும்.

சென்ற மாதம் என்னையும் என் மனைவியையும் அந்த வேனிலேயே கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றார். எனக்கு இரண்டாம் வரிசையில் இடம் தந்தார். "கடைசி வரிசையில்தான் உட்காருவேன், கணக்கு சரியா என்று பார்க்கவேண்டும்" என்றேன். 245 கிலோமீட்டரும் அங்கேயே அமர்ந்து சென்றேன். இறங்கியபோது யாரும் எனக்குக் கை கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அடகில் இருந்த நகைகளில் இரண்டு வளையல்களை மீட்டுவிட்டதாக வழியில் சொன்னார்.